அரை மில்லிமீட்டருக்குள் ஒரு கீல்

'டக்' என்று சத்தம் கேட்டதும் கீல் விடுபட்டுவிட்டது என்றுதான் நினைத்தேன். கையைத் திறந்து பார்த்தால் மூடி ஒரு கையில், பெட்டி மறு கையில். கீல் பிளந்த இடத்தில் பிளாஸ்டிக் வெள்ளை வெள்ளையாய் வெளுத்திருந்தது. மூக்குக்கண்ணாடித் திருகுகளைப் போட்டு வைக்க ஒரு சின்னப் பெட்டி வேண்டும் என்று ஆசைப்பட்டு, வீட்டில் இருக்கும் 3டி பிரிண்டரில் மூடியும் பெட்டியும் சேர்ந்தே அச்சாகி வரும்படி நான் வரைந்த முதல் கீல் அது. பிரிண்டர் மேல் எந்தக் குற்றமும் இல்லை. நான் வரைந்த இடைவெளிதான் தப்பு.

கதவுக்குப் போடும் இரும்புக் கீலை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு தகடுகள், அவற்றின் ஓரத்தில் மாறி மாறி வரும் குழல்கள், எல்லாவற்றுக்கும் நடுவே ஓர் ஆணி. தனித்தனியாகச் செய்து, கடைசியில் ஆணியைச் செருகுகிறார்கள். நான் சொல்லும் கீலில் செருகுவதற்கு எதுவும் கிடையாது. இரண்டு தகடுகளும் ஒன்றுக்குள் ஒன்று கோத்த நிலையிலேயே பிரிண்டரின் பெட் மேல் அடுக்கடுக்காக வளர்கின்றன. அச்சு முடிந்ததும் எடுத்து மடக்கினால் மடங்க வேண்டும். இந்த வகையை 'பிரிண்ட் இன் பிளேஸ்' என்கிறார்கள். ஒன்றையொன்று தொடக் கூடாத இரண்டு பாகங்களை, பிரித்தெடுக்க முடியாதபடி, ஒரே நேரத்தில், உருகிய பிளாஸ்டிக்கால் கட்ட வேண்டும். சிக்கல் முழுவதும் அதில்தான் இருக்கிறது.

வீட்டுப் பிரிண்டர் வேலை செய்யும் விதம் முறுக்குப் பிழிவதைப் போன்றது. சுருளிலிருந்து வரும் ஃபிலமென்ட் 200 டிகிரிக்கு மேல் சூடாகி, 0.4 மில்லிமீட்டர் துளையுள்ள நாசில் வழியே இழையாக வெளியே வருகிறது. அந்த இழையை நாசில் கீழே அழுத்திக்கொண்டே போகிறது. அழுத்துவதால் அது சப்பையாகிப் பக்கவாட்டில் பரவும். 0.4 துளையில் வரும் இழை பெரும்பாலும் 0.45 அகலத்துக்குப் படியும்படிதான் ஸ்லைசர் மென்பொருள் கணக்குப் போடுகிறது. கணக்குச் சரியாக இருந்தாலும் நிஜத்தில் சுவர் கொஞ்சம் புடைத்தே நிற்கும். பிளாஸ்டிக் ஒரு சதவீதம் கூடுதலாக வந்தாலும், மூலையில் திரும்பும்போது ஒரு துளி மிஞ்சினாலும், அது வெளிப்பக்கம்தான் போக வேண்டும்.

ஒரு சுவர் 0.05 மில்லிமீட்டர் புடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தலைமுடிப் பருமன்தான். ஆனால் இடைவெளிக்கு இரண்டு பக்கமும் சுவர் உண்டு. ஆகவே இடைவெளியில் 0.1 போய்விடுகிறது. நான் வரைந்தது 0.15. மீதி 0.05. இரண்டு சூடான சுவர்கள் அந்தச் சந்தில் ஏதாவது ஒரு புள்ளியில் தொட்டுக்கொள்ளாமல் இருக்க வழியே இல்லை. தொட்டால் ஒட்டும். அடுக்கு அடுக்கோடு ஒட்டுவதால்தான் பொருளே உருவாகிறது. இங்கே மட்டும் ஒட்டாதே என்று அதனிடம் சொல்ல முடியாது.

அப்படியானால் எவ்வளவு விட வேண்டும்? 0.4 நாசில், 0.2 அடுக்கு, பி.எல்.ஏ ஃபிலமென்ட் என்றால் முதல் முயற்சிக்கு 0.4 விடுங்கள் என்பேன். நன்றாகச் சரிசெய்த இயந்திரத்தில் 0.3 போதும், சிலர் 0.2-க்கும் இறங்குவார்கள். பெட்ஜி இழை நூல் நூலாக இழுபடும் சுபாவம் கொண்டது. அதற்கு 0.05 கூட்டிக்கொள்வது நல்லது. ஆனால் இந்த ஓர் எண்ணை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டு வரைய உட்கார்ந்தால் மறுபடியும் ஏமாறுவீர்கள். நான் இரண்டாம் தடவையும் ஏமாந்தேன். இடைவெளிக்குத் திசை உண்டு என்பது எனக்கு அப்போது தெரியாது.

முதலில் ஆணியின் கதையைப் பார்ப்போம். கதவுக் கீலைப் பார்த்து வரைபவர்கள் எல்லோரும் செய்வதைப் போல நானும் குழலுக்குள் ஓர் உருண்ட ஆணியை வைத்து, சுற்றிலும் 0.4 விட்டு, படுக்கை வாட்டில் அச்சிட்டேன். படுத்திருக்கும் ஆணியின் அடிப்பாகம் எங்கிருந்து தொடங்கும் என்று யோசித்துப் பாருங்கள். குழலின் உட்தரைக்கு 0.4 மேலே, அந்தரத்தில். முதல் இழையைத் தாங்கக் கீழே ஒன்றும் இல்லை. அது தொய்ந்து குழலின் தரையில் விழுந்து படுத்துக்கொள்ளும். அடுத்த இழை அதன் மேல் படியும். மேலே பார்த்தால் அழகான ஆணி, அடியில் பற்றவைத்த மாதிரி ஒட்டு. தாங்குவதற்காக ஸ்லைசரில் சப்போர்ட் போட்டாலோ, அது இடைவெளிக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்ளும். கையும் கத்தியும் போகாத இடத்தில் இருக்கும் சப்போர்ட்டை எப்படி எடுப்பது?

ஆணியை நிமிர்த்தி, செங்குத்தாக நிற்கும்படி அச்சிடலாமே என்று கேட்கலாம். அந்தரச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும், வட்டமும் சுத்தமாக வரும். ஆனால் அடுக்குகள் ஆணிக்குக் குறுக்கே அமையும். அடுக்குகளுக்கு இடையே உள்ள பிடிப்புதான் அச்சுப் பொருளில் பலவீனமான இடம் என்பதால் மூடியைக் கொஞ்சம் முறுக்கினாலும் ஆணி சுள்ளி போல ஒடியும். அதோடு, அகலமான தகட்டைச் செங்குத்தாக நிறுத்தி அச்சிடுவதும் தொல்லை.

இதற்குக் கண்ட வழிதான் கூம்பு. குழல்களை இனி கணு என்றே சொல்கிறேன், மூங்கில் கணுவைப் போல. நீளமான ஆணி கிடையாது. ஒவ்வொரு கணுவின் ஒரு முகத்திலிருந்து ஒரு கூம்பு நீட்டிக்கொண்டிருக்கும். அடுத்த கணுவின் முகத்தில் அதே வடிவில் ஒரு குழி. கூம்பு குழிக்குள் புகுந்திருக்கும், தொடாது. கூம்பின் சரிவு 45 டிகிரி. பிரிண்டரில் ஒவ்வோர் அடுக்கும் தனக்குக் கீழே உள்ள அடுக்கைத் தாண்டிக் கொஞ்சம் வெளியே நீட்டலாம். 45 டிகிரி சரிவில் 0.2 உயர அடுக்கு 0.2 மட்டும் வெளியே நீட்டும். 0.45 அகல இழையில் பாதிக்கு மேல் கீழ் அடுக்கின் மீது உட்கார்ந்திருக்கிறது. அது விழாது. கூம்பின் அடிப்பக்கம் கணுவின் முகத்திலிருந்து அடுக்கடுக்காக வெளியே தவழ்ந்து வந்து, எந்தத் துணையும் இல்லாமல் குழிக்குள் மிதக்கிறது. குழியின் கூரைக்கும் அதே சரிவு என்பதால் அதுவும் தொய்வதில்லை. முதல் தடவை அச்சாகும்போது அந்த இடத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆனால் நான் இரண்டாவதாக ஏமாந்த இடம் இந்தக் கூம்புதான். கணுக்களின் முகங்களுக்கு இடையே 0.4 விட்டேன். கூம்பின் வடிவத்தை அப்படியே 0.4 நகர்த்தி வைத்துக் குழியாக வெட்டினேன். எல்லாப் பக்கமும் 0.4 கிடைத்துவிட்டது என்று நம்பினேன். கிடைக்கவில்லை. சரிவான இரண்டு சுவர்களை அச்சுக்கோட்டின் வழியாக நகர்த்தினால், அவற்றுக்கு இடையிலான நேர்த்தூரம் நகர்த்திய அளவு ஆகாது. 45 டிகிரியில் அதை 0.707-ஆல் பெருக்க வேண்டும். 0.4 என்பது 0.28 ஆகிவிடும். சாய்வான தெருவில் இரண்டு சுவர்களுக்கு நடுவே குறுக்காக அளப்பதற்கும், தெருவின் போக்கில் சாய்த்து அளப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அந்த 0.28-இல் சுவர்கள் புடைத்துத் தின்னும் 0.1 போனால் மிச்சம் 0.18. என் பிரிண்டர் நன்றாக இருக்கும் நாளில் அது சுற்றியது. வெயில் ஏறிய பிற்பகலில், அறை சூடாகி இழை ஆறத் தாமதமானபோது, ஒட்டிக்கொண்டது.

இப்போது நான் செய்யும் கீலை அளவோடு சொல்கிறேன், நீங்களே வரைந்து பார்க்கலாம். கீலின் நீளம் 60 மில்லிமீட்டர். ஐந்து கணுக்கள், மூன்று ஒரு தகட்டோடு, இரண்டு மற்றதோடு. ஐந்து கணுக்களுக்கு நடுவே நான்கு இடைவெளிகள், ஒவ்வொன்றும் 0.4. அதற்கு 1.6 போக மீதி 58.4. ஐந்தால் வகுத்தால் ஒரு கணு 11.68. கணுவின் விட்டம் 8. கூம்பின் அடி ஆரம் 2.8, நீளம் 2.3, நுனி ஆரம் 0.5. நுனியை ஊசியாக விடாமல் இப்படி மொட்டையாக்குவது முக்கியம், ஏனென்றால் ஊசி நுனியை 0.45 இழையால் வரைய முடியாது, அங்கே ஒரு குமிழ்தான் வரும். குழியை வெட்டும்போது கூம்பை 0.4-க்குப் பதில் 0.55 நகர்த்துகிறேன். 0.55-ஐ 0.707-ஆல் பெருக்கினால் 0.39. சரிவிலும் கிட்டத்தட்ட 0.4 கிடைத்துவிட்டது. குழியின் வாய் ஆரம் 2.95 ஆகிறது. கணுவின் ஆரம் 4 என்பதால் குழியைச் சுற்றி 1.05 கனத்துக்குச் சுவர் மிஞ்சுகிறது. இரண்டு இழை நிற்க அது போதும். கூம்பு குழிக்குள் 1.9 மில்லிமீட்டர் புகுந்திருக்கிறது. கணு பக்கவாட்டில் 0.4-க்கு மேல் நகர முடியாது என்பதால் எப்படி ஆட்டினாலும் கழன்று வராது.

கணு உருளையாக இருப்பதால் அதன் அடிப்பாகமும் ஒரு கோடாகத்தான் பெட்டைத் தொடும், அதற்கு மேல் வயிறு அந்தரத்தில் தொங்கும். அதனால் அடியில் இரண்டு பக்கமும் 45 டிகிரி சரிவாக இறக்கி, பெட்டில் ஒரு பட்டையாக உட்கார வைக்கிறேன். இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அந்தப் பட்டையின் மூலை மையத்திலிருந்து 4.33 தூரத்தில் இருக்கும், 4-இல் இல்லை. மூடியைத் தட்டை நிலைக்கு அப்பால் பின்பக்கம் வளைக்கும்போது அந்த மூலைதான் எதிர்த்தகட்டின் விளிம்பை உரசப் போகிறது. எதிர்த்தகட்டை மையத்திலிருந்து 4.4-இல் நிறுத்தினால் கீல் சுற்றும், ஆனால் பின்பக்கம் வளைத்தால் இடிக்கும். 4.33-உம் 0.4-உம் சேர்த்து 4.73, அதை முழுதாக்கி 4.8 வைக்கிறேன். தகட்டின் கனம் 3.8. மையம் 4 உயரத்தில் இருப்பதால், மூடிய பின் இரண்டு தகடுகளுக்கும் நடுவே 0.4 இருக்கும், முட்டாமல் மூடும்.

இத்தனையும் சரியாக வரைந்தவர்களையும் கவிழ்ப்பது முதல் அடுக்கு. பெட்டில் நன்றாகப் பிடிக்க வேண்டும் என்பதற்காக முதல் அடுக்கை நாசில் கூடுதலாக அழுத்தும். பெட்டும் 60 டிகிரி சூட்டில் இருக்கும். அடிப்பகுதி மட்டும் வெளியே வழிந்து அகலமாகும். ஆங்கிலத்தில் இதற்கு வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் யானைக்கால். நம் ஊரில் அது ஒரு நோயின் பெயர். பெயர் வைத்தவர்களுக்கு அது தெரிந்திருக்காது, ஆனாலும் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு பக்கமும் 0.2 வழிந்தால் 0.4 இடைவெளி அடியில் முழுதாக மூடிக்கொள்ளும். மேலே எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த ஒற்றை அடுக்கு கீலை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். பொருளைத் திருப்பி அடிப்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். கணுக்களுக்கு நடுவே கோடு தெரிய வேண்டிய இடத்தில் பளபளவென்று ஒரே தளமாக இருந்தால் யானைக்கால்தான். கூரிய பிளேடால் அந்தத் தோலை மட்டும் கீறிவிட்டால் பல சமயம் கீல் பிழைத்துவிடும். அடுத்த தடவைக்கு, ஒன்றையொன்று பார்க்கும் எல்லா விளிம்புகளின் அடியிலும் அரை மில்லிமீட்டர் சரிவாகச் சீவி வரைந்துவிடுங்கள். வழிவதற்கு இடம் கிடைக்கும். பிரூசாஸ்லைசரில் `Elephant foot compensation`, க்யூராவில் `Initial Layer Horizontal Expansion` என்று அமைப்புகளும் உண்டு. முன்னதில் 0.2, பின்னதில் -0.2 கொடுத்துத் தொடங்கலாம். நான் இரண்டையும் செய்கிறேன், சீவுவதையும் அமைப்பையும். பெட்டில் நன்றாகப் பிடிக்கட்டும் என்று ஓரமாகப் போடும் பிரிம் பட்டையை மட்டும் கீல் பக்கம் விடாதீர்கள். அது கணுக்களைச் சேர்த்துத் தைத்துவிடும்.

அடிப்பக்கம் சுத்தமாக இருந்தும் கீல் ஓர் இடத்தில் மட்டும் முரண்டு பிடித்தால் சீம் மீது சந்தேகப்படுங்கள். ஒவ்வோர் அடுக்கையும் சுற்றி வரும் இழை தொடங்கி முடியும் இடத்தில் ஒரு மச்சம் விழும். அந்த மச்சங்கள் எல்லாம் இடைவெளிக்குள் வரிசையாக விழுந்தால் அது ஒரு தையல். ஸ்லைசரில் சீமை வெளிப்பக்கம் வரும்படி வர்ணம் தீட்டிக் காட்டிவிடலாம். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறுகியிருந்தால் பிளாஸ்டிக் அதிகமாக வருகிறது என்று அர்த்தம். ஒற்றைச் சுவர் மட்டும் உள்ள ஒரு கனசதுரத்தை அச்சிட்டு வெர்னியரால் சுவரை அளந்து, ஃப்ளோ அளவைக் குறைக்க வேண்டும். அதைச் செய்யாமல் இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவது, செருப்பில் கல் இருக்கும்போது பெரிய செருப்பு வாங்குவதைப் போன்றது.

அச்சு முடிந்ததும் ஆசையில் உடனே மடக்காதீர்கள். பெட் ஆறட்டும். பிறகு கீலுக்குப் பக்கத்தில், கணுக்களை ஒட்டியே இரண்டு கையாலும் பிடித்து, ஐந்து டிகிரி இப்படி, ஐந்து டிகிரி அப்படி என்று அசையுங்கள். தகட்டின் தொலை ஓரத்தைப் பிடித்து மடக்கினால் நெம்புகோல் போல விசை பெருகிக் கணுவை உடைத்துவிடும். என் முதல் கீல் போனது அப்படித்தான். சரியான கீலில் 'டிக், டிக்' என்று இரண்டு மூன்று சின்னச் சத்தம் கேட்கும். அங்கங்கே தொட்டுக்கொண்டிருந்த நூலிழைகள் அறுபடும் சத்தம் அது. அப்புறம் தானாகவே சுற்றும்.

எல்லா 3டி அச்சிலும் இடைவெளியின் சிக்கல் இப்படியே இருப்பதில்லை. அமெரிக்காவின் நெர்வஸ் சிஸ்டம் என்ற வடிவமைப்பு நிறுவனம் 2014-இல் நைலான் பொடியை லேசரால் உருக்கி ஓர் உடையையே அச்சிட்டது. 2,279 முக்கோணங்கள், 3,316 கீல்கள், ஒன்றுகூடக் கையால் கோத்ததில்லை. நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் அதை வாங்கி வைத்திருக்கிறது. அந்த முறையில் உருகாத பொடியே எல்லாப் பாகங்களையும் தாங்கிக்கொள்வதால் கூம்பும் 45 டிகிரியும் தேவையில்லை. அங்கே இடைவெளி வேண்டியிருப்பது வேறொரு காரணத்துக்காகவும்தான். உள்ளே சிக்கிய பொடி வெளியே வர வழி வேண்டும்.

நம் கீலுக்கு ஒரு குறை உண்டு, அதை மறைக்கக் கூடாது. மூடி ஆடும். 0.55 நகர்த்திய கூம்பில் மூடி மேலும் கீழும் அரை மில்லிமீட்டர் வரை தளரும். இரும்புக் கீலின் இறுக்கம் வராது. திருகுப் பெட்டிக்கு அது பரவாயில்லை, கடிகாரப் பெட்டிக்கு ஆகாது. இறுக்கம் வேண்டுமென்றால் 0.55-இலிருந்து 0.05 வீதம் குறைத்துக்கொண்டே வந்து, உங்கள் இயந்திரம் எங்கே ஒட்டத் தொடங்குகிறதோ அதற்கு ஒரு படி முன்னால் நிற்க வேண்டும். பொதுவாகக் கிடைக்கும் சோதனைத் துண்டுகளில் வட்டத் தட்டுகள் நிமிர்ந்த அச்சில் சுற்றும். அவை பக்கவாட்டு இடைவெளியை மட்டுமே சொல்லும். படுத்திருக்கும் கூம்பின் அடியில் என்ன நடக்கிறது என்று அவற்றுக்குத் தெரியாது. அதனால் உங்கள் கீலிலிருந்தே இரண்டு கணுக்களை மட்டும் வெட்டி, 0.45, 0.5, 0.55 என்று மூன்று ஜோடிகளாக, கீல் படுக்கும் அதே வாட்டில் அச்சிட்டுப் பாருங்கள்.

ஒரே வகைப் பி.எல்.ஏ-வில் என்னுடைய மஞ்சள் சுருள் 0.45-லேயே சுற்றியது, கறுப்பு 0.5-க்குக் கீழே இறங்க மறுத்தது. புதுச் சுருள் வாங்கும்போதெல்லாம் அந்த மூன்று ஜோடியை அச்சிட்டு, சுற்றிய ஜோடியின் எண்ணை மார்க்கரில் எழுதி, அதைச் சுருளிலேயே நூலால் கட்டித் தொங்கவிடுங்கள்.